ஒரே கேபிள் அறுந்ததற்கு 41 டிக்கெட்: மெர்ஜ் செய்ததில் ஒரு வீட்டைத் தவறவிட்டோம்

குடந்தை_செந்தில் · திங்கள், இரவு 9:14

கும்பகோணம், திருவிடைமருதூர், ஆடுதுறை வட்டாரத்தில் ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் புகார் மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். 2,600 இணைப்புகள், மேசையில் மூன்று பேர். புகார் போனிலும் வரும், வாட்ஸ்அப்பிலும் வரும், கொஞ்சம் பேர் மெயிலும் போடுவார்கள். எல்லாமே டிக்கெட்டாக ஒரே மென்பொருளில் விழும்.

மேட்டூர் திறப்பதற்கு முன்னால் இங்கே எல்லா வாய்க்காலிலும் தூர் வாருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை ஆடுதுறைப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் ஜேசிபி எங்கள் மெயின் கேபிளை இழுத்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்குள் 41 டிக்கெட். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: நெட் இல்லை, சிவப்பு லைட் எரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆள் இல்லை. அதனால் முதல் டிக்கெட்டை மாஸ்டர் ஆக்கி, மீதி 40-ஐயும் அதற்குள் மெர்ஜ் செய்தேன். மாலை ஐந்தரைக்கு, அறுந்த கேபிளை ஒட்டும் ஸ்ப்ளைஸ் வேலை முடிந்தது. மாஸ்டரை மூடினேன். எல்லோருக்கும் ‘சரிசெய்யப்பட்டது’ என்று மெசேஜ் போனது.

வெள்ளிக்கிழமை காலையில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருடைய அம்மா திருபுவனத்தில் தனியாக இருக்கிறார். மூன்று நாளாக அந்த வீட்டில் நெட் இல்லை. தினம் ராத்திரி பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா தூங்குவாராம். தேடிப் பார்த்தால் அவர் டிக்கெட் மாஸ்டருக்குள் போயிருக்கிறது. ஆனால் மாஸ்டரில் அவர் பெயரில் இருப்பது ‘சரி, நன்றி’ என்ற ஒரு வரி மட்டும். அம்மாவின் நம்பர் இல்லை, வீட்டு இணைப்பு எண் இல்லை.

இதே குழப்பத்தில் இன்னொன்றும் நடந்தது. ஒரு வாடிக்கையாளர் தன் யுபிஐ ரசீதைப் படம் எடுத்து மெயிலில் பதிலாக அனுப்பினார். மெர்ஜ் செய்தபோது மற்றவர்களின் மெயில் முகவரிகள் சிசியில் சேர்ந்திருந்ததால், அது இன்னும் 11 பேருக்குப் போய்விட்டது.

மெர்ஜ் செய்யாமல் சமாளிக்க முடியாது, செய்தால் இப்படி ஆகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

---

நாகை_பாஸ்கர் · திங்கள், இரவு 9:40

தம்பி, மெர்ஜ் செய்தது தப்பே இல்லை. மெர்ஜ் செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் இருக்கும் முழு உரையாடலையும் காப்பி செய்து மாஸ்டரில் உள்குறிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். நிறைய மென்பொருள்கள் கடைசி மெசேஜை மட்டும்தான் மாஸ்டருக்கு எடுத்துக்கொண்டு போகும். உங்களுக்கு ‘சரி, நன்றி’ மட்டும் வந்தது அதனால்தான். நான் ஏழு வருடமாக ஒட்டித்தான் வேலை பார்க்கிறேன். ஒரு தகவலும் போனதில்லை.

---

மன்னை_மீனா · திங்கள், இரவு 10:25

பாஸ்கர் அண்ணன் சொல்லும் காரணம் சரி. தீர்வில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. 40 பேருடைய உரையாடலை ஒரே டிக்கெட்டில் ஒட்டினால் தகவல் எங்கோ இருக்கும், ஆனால் யாருடையது எது என்பது போய்விடும். செந்திலுக்கு வேண்டியது அந்த அம்மாவின் நம்பர் மாஸ்டரில் எங்கேயாவது கிடப்பது அல்ல. அந்த வீடு இன்னும் சரியாகவில்லை என்று யாராவது கவனித்திருக்க வேண்டும். டிக்கெட் ஒன்றாகிவிட்டால் நிலவரமும் ஒன்றுதான்: திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். இத்தனை வீட்டுக்கு ஒரே நிலவரம் எப்படிப் பொருந்தும்?

செந்தில், உங்கள் 41-இல் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒரே வீட்டுக்காரர் போனிலும் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் போட்டு, இரண்டு டிக்கெட் ஆனது ஒரு வகை. அதை மெர்ஜ் செய்யலாம், செய்யவும் வேண்டும். இல்லையென்றால் ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் கூப்பிடுவீர்கள். வேறு வேறு வீட்டுக்காரர்கள் ஒரே காரணத்தால் புகார் சொன்னது இன்னொரு வகை. அதை மெர்ஜ் செய்யக் கூடாது. ‘கேபிள் அறுந்தது, ஆடுதுறை’ என்று நீங்களே உங்கள் மேசையின் பெயரில் ஒரு தாய் டிக்கெட் திறந்து, வீட்டுக்காரர்களின் டிக்கெட்டுகளை அதன் கீழே லிங்க் செய்யுங்கள். எந்த வாடிக்கையாளரின் டிக்கெட்டையும் தாய் ஆக்காதீர்கள். அந்த ரசீது 11 பேருக்குப் போனதற்கு அதுதான் வேர். தாய் டிக்கெட்டில் வாடிக்கையாளர் யாரும் இல்லையென்றால் சிசியில் சேரவும் ஆள் இல்லை.

ஸ்ப்ளைஸ் வேலை, ஜேசிபி, எத்தனை மணிக்குச் சரியாகும் என்பதெல்லாம் தாயில் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். வாடிக்கையாளருக்குப் போகிற மெசேஜையும் அங்கிருந்து ஒரே சொடுக்கில் எல்லாருக்கும் அனுப்பலாம். அவரவர் டிக்கெட்டிலிருந்து அவரவருக்குத் தனியாகப் போகும். உங்கள் மென்பொருளில் இந்த லிங்க் வசதி இல்லையென்றால், தாயின் எண்ணை எழுத ஒரு கட்டம் சேர்த்தாலே போதும்.

ஒரே வீட்டின் இரண்டு டிக்கெட்டை மெர்ஜ் செய்யும்போதும் பழையதை வைத்துக்கொண்டு புதியதை அதற்குள் விடுங்கள். எப்போதிலிருந்து நெட் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கடைசி மெசேஜை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ‘ஓகே’ என்றுதான் இருக்கும். முதல் மெசேஜைப் படித்து இணைப்பு எண், எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், எப்போதிலிருந்து, வீட்டில் என்ன தெரிகிறது, நம் ஆள் என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஐந்தையும் கட்டங்களில் ஏற்றுங்கள். அப்புறம்தான் மெர்ஜ் பொத்தான். பல மென்பொருள்களில் மெர்ஜைத் திரும்பப் பிரிக்க முடியாது.

இன்னொன்று. ட்ராய் 2012-இல் கொண்டுவந்த குறைதீர்ப்பு ஒழுங்குமுறையில் ஒவ்வொரு புகாருக்கும் தனி டாக்கெட் எண் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மெர்ஜ் ஆகிப் போன எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் கூப்பிட்டால், அந்த எண்ணிலேயே அவர் புகாரை எடுக்க முடிய வேண்டும்.

அந்த சிங்கப்பூர்க்காரரின் முதல் மெசேஜ் இன்னும் இருக்கிறதா? இருந்தால் நம்பரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். பார்க்க வேண்டும்.

---

பாபநாசம்_வாத்தியார் · செவ்வாய், காலை 6:50

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்கும் இதே அனுபவம். ஏப்ரலில் புகார் கொடுத்தேன், ஓர் எண் கொடுத்தார்கள். நோட்டில் எழுதி வைத்தேன். மறுநாள் அந்த எண்ணைச் சொன்னால் ‘அது மூடியாச்சு ஐயா, வேற நம்பர்ல சேர்த்துட்டோம்’ என்றார் அந்தப் பெண். வேறு எண் எது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. பெயர், தெரு, எப்போதிலிருந்து என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான்கு தடவை சொன்னேன். என் எண் 30618. செந்தில் தம்பி, அது என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

---

குடந்தை_செந்தில் · செவ்வாய், காலை 8:05

ஐயா, பாபநாசத்தில் எங்கள் லைன் கிடையாது, அதனால் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த நான்கு தடவையைக் குறித்துக்கொண்டேன். எங்கள் மேசையிலும் நடந்திருக்கும்.

மீனா அக்கா, மெர்ஜ் ஆன டிக்கெட் உள்ளே போய்விட்டதே தவிர, வாட்ஸ்அப்பில் முதல் மெசேஜ் இருக்கிறது. எழுத்து மாறாமல் போடுகிறேன்:

> வணக்கம். திருபுவனம் வீட்டுல நெட் போயிடுச்சு. 12.10க்கு அம்மாகிட்ட பேசிட்டு இருக்கும்போதே கட் ஆச்சு. வாசல்ல வைக்கோல் வண்டி போச்சுனு சொன்னாங்க. அம்மா நம்பருக்குக் கூப்பிடுங்க, காது கொஞ்சம் மந்தம், ரெண்டு தடவை அடிங்க. என் நம்பருக்கு வேணாம், வேலையில எடுக்க முடியாது.

இதற்கு நாங்கள் டிக்கெட் எண் அனுப்பினோம். அவர் ‘சரி, நன்றி’ என்றார். அதுதான் மாஸ்டருக்குப் போனது.

---

மன்னை_மீனா · செவ்வாய், காலை 8:31

அந்த மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்பில் எத்தனை மணிக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். 12:10 என்று அவர் எழுதியது சிங்கப்பூர் நேரமாக இருக்கும். நமக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் முன்னால். அப்படியென்றால் இங்கே காலை 9:40. ஜேசிபி கேபிளை இழுத்தது எப்போது?

---

குடந்தை_செந்தில் · செவ்வாய், காலை 9:20

அக்கா, மெசேஜ் வந்தது 9:55. அது எனக்கு உறைக்கவே இல்லை. 12:10 என்று படித்ததும் கேபிள் அறுந்ததற்கு அப்புறம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போது எங்கள் பக்கம் இருக்கும் ஓ.எல்.டி. பெட்டியின் லாகைத் திறந்து பார்த்தேன். அந்த வீட்டு லைன் இருக்கும் பான் போர்ட்டில் மற்ற எல்லா வீட்டு ஓ.என்.யூ. பெட்டிகளும் 11:08-க்கு ஒரே நிமிடத்தில் விழுந்திருக்கின்றன. திருபுவனம் வீடு மட்டும் 9:41-க்கே விழுந்திருக்கிறது. போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிளை வைக்கோல் வண்டி இழுத்திருக்கிறது. சனிக்கிழமை எங்கள் ஆள் போய்ச் சரிசெய்தபோது அதைத்தான் சொன்னார். 9:55-க்கே ஆள் அனுப்பியிருந்தால் அன்றைக்கே மெயின் வேலையோடு இதுவும் முடிந்திருக்கும். அந்த மெசேஜில் எல்லாமே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

---

வலங்கைமான்_குமார் · செவ்வாய், பகல் 1:10

நான் ஸ்ப்ளைஸ் வேலை பார்க்கிறவன், மேசையில் உட்கார்ந்ததில்லை. கரையில் குனிந்து கேபிளை ஒட்டிக்கொண்டிருக்கும்போது எங்களுக்குப் போனில் தெரிவது மாஸ்டர் டிக்கெட் மட்டும்தான். ‘ஆடுதுறை கட், 41 புகார்’ என்று இருக்கும். யார் வீடு, எந்தத் தெரு, எதுவும் இருக்காது. வேலை முடிந்ததும் ‘லைட் வந்ததா’ என்று பக்கத்தில் இரண்டு வீட்டில் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்த இரண்டு வீட்டிலும் வந்திருக்கும். தெருவாரியாக ஒரு பட்டியல் கையில் இருந்தால், சாமான் எல்லாம் வண்டியில் இருக்கும்போதே இன்னொரு தெருவுக்கும் போய்விட்டு வருவோம்.

---

தஞ்சை_அருண் · செவ்வாய், பகல் 2:45

குமார் அண்ணன் கேட்கும் பட்டியல் சுலபம். மீனா அக்கா சொல்கிறபடி லிங்க் செய்திருந்தால், தாயை மூடுவதற்கு முன் கீழே இருக்கும் ஒவ்வொரு டிக்கெட்டின் ஓ.என்.யூ.வும் திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டால் போதும். எங்களிடம் டிக்கெட் அட்டவணை ஒன்று, ஓ.எல்.டி.யிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் நிலவர அட்டவணை ஒன்று:

```sql
SELECT t.id, t.street, t.callback_no, o.state, o.rx_dbm
FROM tickets t
LEFT JOIN onu_status o ON o.serial = t.onu_serial
WHERE t.parent_id = 4127
  AND (o.state IS NULL
       OR o.state <> 'online'
       OR o.rx_dbm < -27)
ORDER BY t.street;
```

இதில் வரும் வீடுகள்தான் மீதி. ஒரு வரியும் வரவில்லையென்றால் மூடலாம். `LEFT JOIN` என்பதை மாற்றாதீர்கள். முதலில் நான் வெறும் `JOIN` போட்டிருந்தேன். சீரியல் எண் இல்லாத டிக்கெட்டுகள் பட்டியலிலேயே வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து மூடினோம். சீரியல் எண் இல்லாத டிக்கெட்தான் விவரம் குறைவான டிக்கெட், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மைனஸ் 27 எங்கள் ஓ.என்.யூ.க்களுக்கு நாங்கள் வைத்த எல்லை. ஒளி அதற்கும் கீழே இறங்கினால் லைட் பச்சையாகவே இருக்கும், ஆனால் நெட் விட்டுவிட்டு வரும். அவசரத்தில் ஒட்டிய ஸ்ப்ளைஸில் இது நடக்கும்.

---

திருவாரூர்_கலை · செவ்வாய், மாலை 4:02

போன் நம்பரை வைத்து டூப்ளிகேட் கண்டுபிடிக்கும்படி எங்கள் மென்பொருளில் அமைத்திருக்கிறோம். ஒரே நம்பரிலிருந்து ஒரு நாளில் இரண்டு புகார் வந்தால் தானாகவே மெர்ஜ் ஆகும். நல்லாத்தான் போகிறது. இதில் என்ன பிரச்சினை வரும்?

---

மன்னை_மீனா · செவ்வாய், மாலை 4:30

கலை, அதை உடனே நிறுத்துங்கள். நம்ம ஊரில் ஒரு நம்பர் ஒரு வீடு இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்து ஒரே பையன்தான் புகார் போடுவான். கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு வைத்திருப்பவர் ஒரே போனிலிருந்து இரண்டுக்கும் சொல்வார். இதெல்லாம் தானாக மெர்ஜ் ஆனால் ஒரு வீடு காணாமல் போகும். இன்னொரு பக்கம், கணவர் ஒரு நம்பரில் சொல்வார், மனைவி இன்னொரு நம்பரில் சொல்வார். அது டூப்ளிகேட், ஆனால் உங்கள் மென்பொருள் கண்டுபிடிக்காது. இணைப்பு எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்போதும் ‘இது டூப்ளிகேட் போலிருக்கிறது’ என்று காட்டட்டும், பொத்தானை ஆள்தான் அழுத்த வேண்டும்.

---

நாகை_பாஸ்கர் · செவ்வாய், இரவு 8:15

மீனா, நீங்கள் சொல்வதெல்லாம் பெரிய மேசைக்குச் சரி. மூன்று பேர் இருக்கும் இடத்தில் இத்தனை டிக்கெட்டைத் திறந்தே வைத்திருந்தால், அன்றைக்கு வரும் புதுப் புகார் யார் கண்ணிலும் படாது. பட்டியல் நீண்டால் ஆள் பார்ப்பதை விட்டுவிடுவான். மெர்ஜ் செய்தால் மேசை சுத்தமாக இருக்கும். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

---

மன்னை_மீனா · செவ்வாய், இரவு 8:50

அண்ணே, அந்தக் கஷ்டம் உண்மைதான். லிங்க் ஆன டிக்கெட்டுகளை ‘தாய்க்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு தனி நிலவரத்தில் போடுங்கள். மேசையின் முதல் பக்கத்தில் அவை தெரியாது. தாய் மட்டும் தெரியும். ஸ்ப்ளைஸ் முடிந்ததும் அருண் சொன்ன பட்டியலில் வராத வீடுகளை மொத்தமாக மூடிவிடலாம், அதற்கு இரண்டு நிமிடம் போதும். பட்டியலில் வருகிறவை மட்டும் திரும்ப மேசைக்கு வரும்.

அருண், உங்கள் பட்டியலிலும் ஓர் ஓட்டை உண்டு. ஓ.என்.யூ. ஆன்லைன் என்பது ஒளி வருகிறது என்றுதான் சொல்லும். வைஃபை பெட்டி கெட்டிருந்தாலோ, பில் பாக்கியில் இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தாலோ, அது ஆன்லைன் என்றே காட்டும். அப்புறம், ஓ.என்.யூ. ஆஃப்லைன் என்றால் கேபிள் பிரச்சினை என்றும் இல்லை, கரண்ட் போயிருக்கலாம். பெரும்பாலான ஓ.என்.யூ. கரண்ட் போகும்போது கடைசியாக ஒரு சிக்னல் அனுப்பிவிட்டுத்தான் அணையும், ஓ.எல்.டி.யில் `dying gasp` என்று பதிவாகும். ஆனால் மலிவான பெட்டிகளில் சில அனுப்பாது. அதனால் வாடிக்கையாளர் சொன்ன வார்த்தை டிக்கெட்டில் அப்படியே இருக்க வேண்டும். ‘சிவப்பு லைட்’ என்றாரா, ‘லைட்டே இல்லை’ என்றாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஆள் அதை ‘நெட் இல்லை’ என்று சுருக்கி எழுதிவிட்டால் அந்தத் தடயம் போயிற்று.

---

குடந்தை_செந்தில் · புதன், இரவு 10:10

இன்று அந்த 41-ஐயும் வாட்ஸ்அப், போன் பதிவு, மெயில் எல்லாவற்றையும் வைத்து மறுபடி பிரித்துப் பார்த்தேன். மெர்ஜ் ஆனதைப் பிரிக்க முடியவில்லை, அதனால் ஒரு ஷீட்டில் கையால் எழுதினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று.

ஆறு டிக்கெட் உண்மையான டூப்ளிகேட், அதே வீட்டுக்காரர்கள் இரண்டாவது தடவை சொன்னது. ஆக, 35 இணைப்புகள். அதில் 33 வீடு ஸ்ப்ளைஸ் முடிந்த பத்து நிமிடத்தில் திரும்ப வந்திருக்கின்றன. ஒன்று திருபுவனம் அம்மா வீடு. இன்னொன்று, ரசீது அனுப்பினாரே அவர். அவருக்கும் கேபிள் அறுந்ததற்கும் சம்பந்தமே இல்லை. முதல் நாள் ராத்திரியே பணம் கட்டியிருக்கிறார், கணக்கில் ஏறாமல் இணைப்பு நின்றிருக்கிறது. அவர் முதல் மெசேஜில் ‘பச்சை லைட்தான் எரிகிறது, ஆனால் ஓடவில்லை’ என்று தெளிவாக எழுதியிருக்கிறார். மேசையில் அதை ‘நெட் இல்லை’ என்று ஏற்றியிருக்கிறோம். 11 பேருக்கும் தனித்தனியாகக் கூப்பிட்டு அந்த மெயிலை அழிக்கச் சொன்னேன். அவரிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன்.

நாளையிலிருந்து டிக்கெட் படிவத்தில் ‘கூப்பிட வேண்டிய நம்பர்’ என்று தனிக் கட்டம், ‘அவர் சொன்ன வார்த்தையில்’ என்று ஒரு பெரிய கட்டம். தாய் டிக்கெட் மேசையின் பெயரில். குமார் அண்ணன் கேட்ட தெருப் பட்டியலை எங்கள் ஸ்ப்ளைஸ் ஆளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறோம். தெருவும் வீட்டு எண்ணும் மட்டும், போன் நம்பர் அதில் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. ஓ.என்.யூ. திரும்ப வராமல், கூப்பிட்டாலும் போன் எடுக்காமல் இருக்கும் வீட்டை எத்தனை நாள் திறந்து வைப்பது?

---

நாகை_பாஸ்கர் · புதன், இரவு 10:22

மூன்று நாள், மூன்று அழைப்பு, அப்புறம் மூடு. வேண்டுமென்றால் அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள்.

---

மன்னை_மீனா · புதன், இரவு 10:40

திரும்பக் கூப்பிட வேண்டியவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தால்? நான் மூடமாட்டேன், அந்தத் தெருவுக்கு ஆள் போகும்போது கதவைத் தட்டச் சொல்வேன். ஆனால் எங்களிடம் அதற்கு ஆள் இருக்கிறது, உங்களிடம் மூன்று பேர்தான்.

---

வலங்கைமான்_குமார் · வியாழன், காலை 6:15

பட்டியலில் போட்டுக் கொடுங்கள், நாங்கள் தட்டுகிறோம். காது மந்தம் என்றால் அதையும் எழுதுங்கள்.